அட்டை ஓவியத்துக்குப் பணம் கொடுத்தபின் அது யாருடையது? தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். சனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்குவதற்கு முந்தைய ஓரிரு மாதங்களில் எங்களைப் போன்ற புத்தக ஓவியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் உறக்கம் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் உங்களுக்கும் உறக்கம் இருப்பதில்லை. வேலை ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது, தொகை வாட்ஸ்அப்பில் முடிவாகிறது, படம் மின்னஞ்சலில் போகிறது, பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்கிறது. கொடுத்த பணத்துக்கு எந்த உரிமை கைமாறியது என்பதை மட்டும் இரு தரப்பிலும் யாரும் எழுதி வைப்பதில்லை. வேலை தொடங்கும் முன்பே அதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடும் வழக்கத்தை நீங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்டே இம்மடலை எழுதுகிறேன். எழுதாமல் விடுவதால் ஓவியர் மட்டுமே இழக்கிறார் என்ற எண்ணம் நம் துறையில் இருக்கிறது. சட்டத்தைப் படித்துப் பார்த்தால், எழுதாமல் விட்ட நூல்களில் பதிப்பகத்தின் காலடியிலும் தரை உறுதியாக இல்லை.

முதலில், எனக்குச் சாதகமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படைத்தவரே முதல் உரிமையாளர் என்பது 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பொது விதி. ஆனால் அந்த விதியைச் சொல்லும் 17-ஆம் பிரிவே சில விலக்குகளையும் சொல்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பணம் பெற்றுக்கொண்டு எடுக்கப்பட்ட ஒளிப்படத்துக்கும், தீட்டப்பட்ட வண்ண ஓவியத்துக்கும், வரையப்பட்ட உருவப்படத்துக்கும், மாறான உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்குப் பணியில் இருப்பவர் பணியின் பகுதியாகச் செய்யும் படைப்பு பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். வெளியிலிருந்து வேலை செய்யும் ஓவியர்கள் பலர், தாங்கள் வரைந்தது தங்களுடையதே என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அட்டை வண்ண ஓவியத்தைப் பொறுத்தவரை, எழுத்தில் எதுவும் இல்லையென்றால் அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தின் ஆதரவு குறைவு.

அப்படியானால் எழுதாமல் விடுவதே பதிப்பகத்துக்கு நல்லது என்று தோன்றலாம். ஒரு நூலை எடுத்து அதன் போக்கைத் தொடர்ந்து பார்ப்போம். நான் சொல்லப்போவது கற்பனை எடுத்துக்காட்டு என்றாலும் அதிலுள்ள ஒவ்வொரு திருப்பமும் நம் துறையில் வழக்கமாக நேர்வதுதான்.

32 பக்கங்கள் கொண்ட ஒரு சிறுவர் கதை நூல். அட்டைக்கு நீர்வண்ணத்தில் ஓர் ஓவியம், உள்ளே கருப்பு மையில் 14 கோட்டோவியங்கள். மொத்தமாக 30,000 ரூபாய் பேசி, அதை முழுவதும் கொடுத்தும்விட்டார்கள். 1,000 படிகள் அச்சாகின்றன. நூல் நன்றாகப் போகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் பதிப்பகம் மறுபதிப்பு போடுகிறது, கிண்டிலில் மின்னூலாக வெளியிடுகிறது, அட்டைப்படத்தைத் துணிப்பையில் அச்சிட்டு அரங்கில் விற்கிறது. பிறகு ஒரு மலையாளப் பதிப்பகம் கதையையும் படங்களையும் சேர்த்துக் கேட்கிறது. ஓவியரோ தம் இணையதளத்தில் அந்தப் படங்களை வைக்க விரும்புகிறார். கதையில் வரும் நாய்க்குட்டியைத் தனிப் படமாக அச்சிட்டு விற்கவும் எண்ணுகிறார். எழுத்தில் இருப்பது வாட்ஸ்அப்பில் தொகையைக் குறித்த ஒரே வரி.

அட்டையின் நீர்வண்ண ஓவியம் மேலே சொன்ன விலக்குக்குள் வருவதால், அதைத் துணிப்பையில் அச்சிடவும் மலையாளப் பதிப்புக்குக் கொடுக்கவும் பதிப்பகத்துக்கு உரிமை உண்டு. கறாராகப் பார்த்தால், அதைத் தம் தளத்தில் வைப்பதற்கே ஓவியர் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும். உள்ளே இருக்கும் 14 கோட்டோவியங்களின் கதை வேறு. கலைப்படைப்பு எது என்று விளக்கும் இடத்தில் சட்டம் வண்ண ஓவியத்தையும் கோட்டோவியத்தையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பணம் கொடுத்தவருக்கே உரிமை என்னும் விலக்கிலோ கோட்டோவியத்தின் பெயர் இல்லை. ஆகவே அவை ஓவியருடையவை என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது. அவ்வாதம் நின்றால், பணம் கொடுத்த நோக்கத்துக்கு, அதாவது அந்தத் தமிழ் நூலில் அச்சிடுவதற்கு மட்டுமே, பதிப்பகத்துக்கு அனுமதி இருக்கும். மறுபதிப்பு அந்த நோக்கத்துக்குள் அடங்கும் என்று பெரும்பாலும் சொல்லலாம். மின்னூல் அடங்குமா என்பதற்கு இரு பக்கமும் பேசலாம். மலையாளப் பதிப்பு அடங்காது. படங்கள் முழுவதையும் திரையில் வண்ணத்தோடு வரைந்திருந்தால், அது எந்த வகையில் சேரும் என்று இரு தரப்பு வழக்கறிஞர்களும் மணிக்கணக்கில் பேசலாம். அதற்கான கட்டணம் அந்த 30,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

ஒரே நூலில் அட்டை உங்களுடையது, உள்ளே இருப்பது ஓவியருடையது. மலையாளப் பதிப்பாளர் கவனமானவராக இருந்தால், படங்களின் உரிமை உங்களிடம் இருப்பதற்கான ஆவணத்தைக் கேட்பார். 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி மொழிபெயர்ப்பு உரிமைப் பரிமாற்றத்துக்காகவே அமைந்தது. அங்கே வெளிநாட்டுப் பதிப்பாளரோடு உட்கார்ந்து பேசும்போது எழுத்தாளரின் ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டிவிட்டு, படங்களுக்கு மட்டும் வாய்மொழி என்று சொல்ல நேர்வதை எண்ணிப் பாருங்கள். சிறுவர் நூலில் படம் இல்லாமல் விற்கக்கூடிய உரிமை என்று பெரிதாக எதுவும் இல்லை.

இந்தச் சிக்கல் தெரிந்த சில பதிப்பகங்கள், பணம் பெற்றதற்கான ரசீதின் அடியில் “அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே” என்று ஒரு வரியை அச்சிட்டுவிடுகின்றன. ஓவியரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஓவியர் முதல் உரிமையாளராக இருக்கும் படைப்புகளில் இந்த ஒரு வரி நீங்கள் நினைக்கும் வேலையைச் செய்வதில்லை. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுப்பவரோ அவருடைய முகவரோ கையெழுத்திட்டிருக்க வேண்டும் என்று சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்பவற்றையும் அந்த எழுத்திலேயே குறிப்பிடக் கேட்கிறது. காலத்தைக் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் அதுவே நிரப்பிக்கொள்கிறது. பெற்றுக்கொண்ட உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தாலன்றி, அந்த உரிமை காலாவதியாகிவிடுகிறது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், மாற்றம் நிகழும்போது இல்லாத அல்லது வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாமல் அதற்கான உரிமை கைமாறாது என்றும் சேர்த்திருக்கிறது.

இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், அந்த ரசீதை நம்பி ஏழாம் ஆண்டில் நீங்கள் போடும் மறுபதிப்புக்கும், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் அனுப்பும் படிகளுக்கும் அந்த ரசீதில் பிடிமானம் இல்லை. தமிழ் நூல் கடல் கடந்து விற்கிற பொருள். “இந்தியா மட்டும்” என்பது நமக்குச் சிறிய இழப்பு இல்லை.

இனி, முழு உரிமை மாற்றத்துக்கும் பயன்பாட்டு உரிமத்துக்கும் இடையே எதை எப்போது கேட்பது என்பது. முழு மாற்றத்தில், எழுதிக் கொடுத்த காலத்துக்கு நீங்களே உரிமையாளர். சட்டம் தரும் முழுக் காலத்துக்கும், அதாவது ஓவியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும், அப்படியே எழுதி வாங்கிக்கொள்ளலாம். உரிமத்தில், ஓவியர் உரிமையாளராகவே இருந்துகொண்டு, குறிப்பிட்ட பயன்களுக்கு உங்களை அனுமதிக்கிறார். உரிமம் என்றாலே நாளைக்கே இன்னொரு பதிப்பகத்துக்கு அதே படத்தை விற்றுவிடுவார்கள் என்ற அச்சத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன். “பதிப்பகத்துக்கு மட்டுமேயான உரிமம்” என்று எழுதினால், அந்தப் பயனுக்கு ஓவியர் அதே படத்தை வேறு யாருக்கும் தர முடியாது. ஒரு நூலுக்கு உண்மையில் வேண்டியவை அச்சு, மின்னூல், மறுபதிப்பு, விளம்பரம், மொழிபெயர்ப்புப் பதிப்புகளுக்கு மறு உரிமம் வழங்கல் ஆகியவை. இவை எல்லாவற்றையும் ஓர் உரிமத்துக்குள் வைத்துவிடலாம். காலமும் நிலப்பரப்பும் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள், இந்தியா என்னும் அதே விதி உரிமங்களுக்கும் பொருந்துகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முழு மாற்றம் தேவைப்படும் இடங்களும் உண்டு, அதை மறுக்கவில்லை. உங்கள் பதிப்பகத்தின் சின்னம், ஒரு நூல் வரிசை முழுவதிலும் வரப்போகும் முத்திரைப் பாத்திரம், பாடநூல் நிறுவனங்களுக்கு உரிமையோடு ஒப்படைக்க வேண்டிய படங்கள் ஆகியவற்றை உரிமத்தில் வாங்குவது பின்னால் தொல்லைதான். அவற்றுக்கு முழு மாற்றம் கேளுங்கள், அதற்கேற்ற தொகையும் கொடுங்கள். அந்த நாய்க்குட்டியை ஓவியர் இனி வாழ்நாள் முழுவதும் வரைந்து விற்க முடியாது என்றால், ஒரே நூலுக்கு அதை அனுமதிப்பதைவிடக் கூடுதல் விலை கேட்பது நியாயம். மாற்றம் முழுத் தொகையும் வந்து சேர்ந்த நாளிலிருந்தே செல்லும் என்றும் எழுத வேண்டும். கால்பங்கு முன்பணத்தோடு மூலக் கோப்பையும் உரிமையையும் ஒருசேரக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருப்பவர்கள் எங்களில் குறைவில்லை.

மூலக் கோப்பு என்றதும் ஒரு விலகல். அடுக்குகள் ஒன்றாக்கப்படாமல் தனித்தனியே இருக்கும் அந்த ‘ஓப்பன் ஃபைல்’ உங்கள் கணினியில் இருப்பதாலோ, தாளில் வரைந்த அசல் ஓவியம் உங்கள் அலுவலகச் சுவரில் தொங்குவதாலோ பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. அது பொருளின் உடைமை. அதே போல, உரிமையை முழுவதும் எழுதிக் கொடுத்த ஓவியர் அடுக்குகளோடு கூடிய கோப்பைத் தர மறுத்தால், அதைத் தனியே எழுதி வாங்காத பதிப்பகம்தான் திண்டாடும். இரண்டையும் வெவ்வேறு வரிகளாக எழுதிக்கொள்வது நல்லது.

எங்களுக்கு மிக நெருக்கமான கேள்வி, செய்த வேலையைக் காட்டும் உரிமை. ஓவியருக்கும் வடிவமைப்பாளருக்கும் அடுத்த வேலையைக் கொண்டுவருவது அவருடைய போர்ட்ஃபோலியோதான். பட்டமோ சான்றிதழோ கேட்டு யாரும் அட்டை வரையக் கொடுப்பதில்லை. ஆனால் இந்தியச் சட்டத்தில் போர்ட்ஃபோலியோவுக்கு என்று தனி விலக்கு இல்லை. உரிமை முழுவதையும் மாற்றிக் கொடுத்துவிட்டவர், அல்லது சட்டத்தின் விலக்கால் முதலிலிருந்தே உரிமை இல்லாதவர், அட்டையைத் தம் தளத்தில் ஏற்றினால் அது படியெடுத்தலும் பொதுமக்களுக்குத் தெரிவித்தலும் ஆகிறது. அவ்விரண்டும் உரிமையாளருக்கு உரியவை. 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் ‘இதை வரைந்தவன் நான்’ என்று கோரும் உரிமையை விட்டுவைக்கிறது. படைப்பைத் தம் மதிப்புக் குலையும்படி சிதைத்தால் தடுக்கவும் இழப்பீடு கேட்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் தில்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய சுவர்ச்சிற்பத்தை அரசு 1979-இல் பெயர்த்தெடுத்துச் சிதையவிட்ட வழக்கில், 2005-இல் தில்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தின் எச்சங்களை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் ஆணையிட்டது இந்தப் பிரிவின் வலிமையால்தான். எனினும் பெயர் கோருவது வேறு, படத்தையே எடுத்துக் காட்டுவது வேறு. இரண்டாவதை இந்தப் பிரிவு தெளிவாகத் தரவில்லை.

சட்டம் விட்டுவைத்திருப்பது ஒரு சிறிய இடம். உரிமை தம்மிடம் இல்லாத கலைஞரும், அந்தப் படைப்புக்காகத் தாம் போட்ட முன்வரைவுகளையும் பயிற்சிப் படங்களையும், முதன்மை வடிவத்தைத் திரும்பச் செய்யாத அளவில் பயன்படுத்தலாம் என்று 52-ஆம் பிரிவில் ஒரு விதி இருக்கிறது. வேறு கோணத்தில் வரைந்து பார்த்துக் கைவிட்ட பென்சில் வரைவுகளைக் காட்ட இது உதவும். அச்சேறிய அட்டையைக் காட்ட உதவாது. வாடிக்கையாளர் பார்க்க விரும்புவதோ அச்சேறிய அட்டையை.

இதற்குத் தீர்வு உங்கள் கையில் ஒரு வாக்கியமாக இருக்கிறது. போர்ட்ஃபோலியோ அனுமதி தரத் தயங்கும் பதிப்பாளர்களிடம் காரணம் கேட்டால், நூல் வெளியாகும் முன்பே அட்டை கசிந்துவிடும் என்றும், பெரிய அளவிலான படத்தை எடுத்து யாராவது திருட்டுப் பதிப்புக்குப் பயன்படுத்துவார்கள் என்றும், ஓவியரே அதைச் சுவர்ப்படமாக விற்பார் என்றும் சொல்கிறார்கள். மூன்றும் நியாயமான அச்சங்கள். மூன்றையும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே அடைத்துவிடலாம். நூல் வெளியான பிறகு, அச்சுக்கு உதவாத சிறிய அளவில், நூலின் பெயரும் பதிப்பகத்தின் பெயரும் குறிப்பிட்டு, தம் பணியைக் காட்டும் நோக்கத்துக்கு மட்டும், விற்பனை இன்றி. இவ்வளவுதான் நாங்கள் கேட்பது. ஓவியர் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. அட்டையில் வேறொருவர் எடுத்த ஒளிப்படம் இருந்தால், பதிப்பகத்தின் அனுமதி மட்டும் போதாது, அந்த ஒளிப்படத்தின் உரிமம் இப்படிக் காட்டுவதை ஏற்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பழைய தொடர்கதைகளை நூலாக்கும் பதிப்பகங்களுக்கு இங்கே ஒரு சொல். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளரின் கதையை எவரும் அச்சிடலாம் என்பது சரி. அதோடு வார இதழில் வந்த ஓவியங்களையும் எடுத்துச் சேர்ப்பது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. அரசு விலைக்கு வாங்கிப் பொதுவாக்கியது எழுத்தின் உரிமையை. ஓவியம் அதில் சேரவில்லை. இதழில் பணியாளராக இருந்த ஓவியர் இதழுக்காக வரைந்தவற்றில், வேறு உடன்பாடு இல்லையென்றால், இதழ்களில் வெளியிடும் அளவுக்கான உரிமை மட்டுமே இதழ் உரிமையாளருக்குச் சேரும் என்றும், மற்றவற்றில் ஓவியரே உரிமையாளர் என்றும் அதே 17-ஆம் பிரிவு சொல்கிறது. நூலாக்கம் அந்த ‘மற்றவற்றில்’ வருகிறது. ஆகவே அப்படங்களுக்காக நீங்கள் தேடிச் செல்ல வேண்டியது இதழ் அலுவலகத்தை மட்டும் இல்லை; ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் நிறையவில்லை என்றால் அவருடைய குடும்பத்தையும்தான்.

வேலை தொடங்கும் முன் கையெழுத்தாக வேண்டிய அந்த ஒரு பக்கத்துக்கு, நான் பயன்படுத்தும் வாசகத்தைக் கீழே தருகிறேன். உங்கள் வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

“இந்நூலுக்காக ஓவியர் வரையும் அட்டை ஓவியம், உள் ஓவியங்கள் அனைத்தின் பதிப்புரிமையும் ஓவியருக்கே உரியது என இரு தரப்பும் உடன்படுகின்றனர். முழுத் தொகையும் செலுத்தப்பட்ட நாள் முதல், இப்படைப்புகளை இந்நூலின் அச்சுப் பதிப்பிலும் மறுபதிப்புகளிலும் மின்னூலிலும் இந்நூலுக்கான விளம்பரங்களிலும் பயன்படுத்தவும், இந்நூலின் மொழிபெயர்ப்புப் பதிப்புகளுக்கு மறு உரிமம் வழங்கவும், பதிப்பகத்துக்கு மட்டுமேயான உரிமத்தை 10 ஆண்டுகளுக்கு, உலகம் முழுவதற்கும் ஓவியர் வழங்குகிறார். ஓராண்டுக்குள் பயன்படுத்தப்படாத உரிமைகளும் இக்காலம் முழுவதும் செல்லும். மறு உரிமத்தில் படங்களுக்காகப் பெறும் தொகையில் பாதி ஓவியருக்கு உரியது. நூலைத் தவிர்த்த பிற பொருட்களில் பயன்படுத்தத் தனி உடன்பாடு வேண்டும். படைப்புகளில் மாற்றம் செய்யும் முன் ஓவியரின் ஒப்புதல் பெறப்படும். பதிப்பு விவரப் பக்கத்தில் ஓவியரின் பெயர் இடம்பெறும். நூல் வெளியான பின், அச்சுக்கு உதவாத அளவில், நூல் மற்றும் பதிப்பகத்தின் பெயரோடு, தம் பணியைக் காட்டும் நோக்கத்துக்காக ஓவியர் இவற்றை வெளியிடலாம்.”

முழு மாற்றம் வேண்டுமென்றால் முதல் இரண்டு வாக்கியங்களை மாற்றி, எந்தெந்த உரிமைகள், எத்தனை ஆண்டுகள், எந்தெந்த நாடுகள், இன்னின்ன ஊடகங்கள் என்று விரித்து எழுதிக்கொள்ளலாம். கடைசி வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கட்டும். பாதிப் பங்கு, 10 ஆண்டுகள் என்பவை பேசித் தீர்க்க வேண்டிய எண்கள். சிறு பதிப்பகங்களின் வரவு செலவு எனக்கும் தெரியும், அவற்றில் நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. முதல் வாக்கியத்தைக் கேட்பதற்கான காரணத்தை மேலே பார்த்தோம்: வண்ண ஓவியத்தில் அந்த ‘மாறான உடன்பாடு’ அதுதான்.

இந்தப் பருவத்தின் அட்டைகளுக்கான அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. உங்களிடமிருந்து வரும் முதல் மின்னஞ்சலில் கதைச் சுருக்கத்தோடு இந்தப் பக்கமும் இணைக்கப்பட்டிருந்தால், கையெழுத்திட்டு அன்றே திருப்பி அனுப்பிவிட்டு வரையத் தொடங்குகிறோம்.

இப்படிக்கு,
புத்தக அட்டைகள் வரையும் ஓர் ஓவியர்